ராத்திரில இலைத்துளை திறக்குற செடிங்க: தண்ணி எப்படி மிச்சமாகுது

கேள்வி: சக்குலண்ட், கள்ளி மாதிரி செடிலாம் ராத்திரில தான் இலைத்துளையை திறக்கும்னு சொல்றாங்க, வெயிலே இல்லாம அது எப்படி போட்டோசிந்தசிஸ் பண்ணும்? இதனால நிஜமாவே எவ்ளோ தண்ணி மிச்சமாகும்? நம்மகிட்ட இருக்குற செடி இப்படி பண்ணுதான்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

ராத்திரில அது போட்டோசிந்தசிஸ் பண்றதே இல்ல, அதுதான் முதல்ல தெளிவாகணும். ராத்திரி நடக்குறது கொள்முதல் மட்டும்தான், காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுத்து ஒரு ஆசிடா மாத்தி செல்லுக்குள்ள போட்டு வச்சுக்கும், விடிஞ்சு வெயில் வந்ததும் துளையை மூடிக்கிட்டு உள்ள இருக்குற அந்த ஆசிடை உடைச்சு சர்க்கரை பண்ணும். மத்த செடிங்க பகல்ல ஒரே நேரத்துல பண்ற ரெண்டு வேலையை இது ரெண்டு ஷிப்டா பிரிச்சு வச்சிருக்கு, அவ்ளோதான். இந்த வகையை சிஏஎம் செடின்னு சொல்வாங்க.

சரி, தண்ணி எப்படி மிச்சமாகுது? "ராத்திரி குளிர்ச்சியா இருக்கும் அதனால தண்ணி கம்மியா போகும்"னு எல்லா இடத்துலயும் ஒரே வரில முடிச்சிடுறாங்க. தப்பில்ல, ஆனா எவ்ளோ கம்மி, ஏன் கம்மிங்குற கணக்கை ஒரு தடவை போட்டு பாத்தா தான் இந்த செடி எவ்ளோ பெரிய பேரம் பேசியிருக்குன்னு தெரியும், அதனால அதை கொஞ்சம் மெதுவா பாக்கலாம்.

இலைத்துளை ஒரே ஓட்டை, அது வழியா தான் கார்பன் டை ஆக்சைடு உள்ள வரும், அதே ஓட்டை வழியா தான் நீராவி வெளிய போகும். கார்பனுக்கு தனி வழி, தண்ணிக்கு தனி வழின்னு எந்த செடிக்கும் கிடையாது. இலைக்கு உள்ள இருக்குற காத்து எப்பவுமே கிட்டத்தட்ட முழு ஈரமா தான் இருக்கும், ஏன்னா சுத்தி இருக்குற செல் சுவரெல்லாம் ஈரம். வெளிய இருக்குற காத்து வறண்டது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நீராவி அழுத்த வித்தியாசம் தான் தண்ணியை வெளிய இழுக்குது, வித்தியாசம் எவ்ளோவோ அவ்ளோ வேகமா போகும். இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, உள்ள இருக்குற ஈரக் காத்து எவ்ளோ நீராவியை பிடிச்சு வச்சிருக்கும்ங்குறது இலையோட வெப்பநிலையை பொறுத்தது, அதுவும் நேர்கோடா ஏறாது, சூடு ஏற ஏற எகிறிக்கிட்டே போகும். 20 டிகிரில அந்த நீராவியோட அழுத்தம் 2.34 கிலோபாஸ்கல், 30 டிகிரில 4.24, 40 டிகிரில 7.38.

இப்ப ஒரு வறண்ட ஊரை மனசுல வச்சுக்கோங்க. மத்தியானம் காத்து 38 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம், அப்படின்னா காத்துல இருக்குற நீராவி அழுத்தம் 1.33 கிலோபாஸ்கல். வெயில்ல நிக்குற இலை 40 டிகிரி, உள்ள 7.38. வித்தியாசம் சுமார் 6 கிலோபாஸ்கல். அதே நாள் ராத்திரி, காத்துல இருக்குற நீராவி அதே 1.33 தான், யாரும் ஈரத்தை கொண்டு வந்து கொட்டல, ஆனா காத்தும் இலையும் 20 டிகிரிக்கு இறங்கிடுச்சு. இப்ப இலைக்கு உள்ள 2.34, வெளிய 1.33, வித்தியாசம் சுமார் 1 கிலோபாஸ்கல். அதே ஓட்டை, அதே அளவு திறப்பு, ஆனா தண்ணி போற வேகம் ஆறுல ஒரு பங்கு. மேகம் இல்லாத ராத்திரில இலை தன் சூட்டை வானத்தை பாத்து விட்டுட்டு காத்தை விட ரெண்டு மூணு டிகிரி கூட குளிர்ந்து போகும், இலை 17 டிகிரின்னு வச்சா வித்தியாசம் 0.6 தான், அப்ப பகலோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு ஆயிடும்.

ஆனா கார்பன் பக்கம் பாருங்க, வெளிய காத்துல கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல 420 பங்கு சொச்சம், அது பகலா இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் பெருசா மாறப்போறது இல்ல. அதாவது வாங்குற பொருள் ரெண்டு நேரத்துலயும் அதே அளவு கிடைக்குது, அதுக்கு குடுக்குற விலை மட்டும் ராத்திரில ஆறுல ஒண்ணு. இந்த ஒரு இடைவெளியை வச்சு தான் மொத்த ஏற்பாடும் ஓடுது.

இதுல இருந்தே இன்னொண்ணும் தெரியும். ராத்திரியும் 30 டிகிரிலயே நிக்குற ஊரா இருந்தா, அதே வறண்ட காத்துக்கு வித்தியாசம் 2.9 கிலோபாஸ்கல், மிச்சம் வெறும் பாதி தான். ஆக இது வெறும் சூடான ஊருக்கான வித்தை கிடையாது, பகல் கொதிச்சு ராத்திரி நல்லா இறங்குற ஊருக்கான வித்தை. பாலைவனம் அப்படிதான் இருக்கும், காத்துல ஈரமும் மேகமும் இல்லாததால பகல்ல ஏறுற சூடு ராத்திரில மடமடன்னு போயிடும்.

நடைமுறைல எவ்ளோ வருதுன்னா, ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடை உள்ள எடுக்க சாதாரண சி3 செடி (நெல், கோதுமை, மரங்கள்ல பெரும்பாலானது எல்லாம் இதுதான்) 400ல இருந்து 500 கிராம் தண்ணியை விடும், சோளம் மாதிரி சி4 செடி 250 பக்கம், சிஏஎம் செடி 50ல இருந்து 100 கிராம். இந்த மொத்த மிச்சத்தையும் ராத்திரி துளை திறக்குறது மட்டுமே குடுத்துடலங்குறதையும் சொல்லணும், தோல் மேல கெட்டியான மெழுகு, துளைகளோட எண்ணிக்கையே கம்மி (சப்பாத்திக்கள்ளில ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இருபது முப்பது தான் இருக்கும், சாதாரண இலைல நூறுக்கு மேல), உள்ள தண்ணி சேமிக்குற சதை, எல்லாம் சேந்து தான். துளையை பகல்ல இறுக்கி மூடுனாலும் தோல் வழியா கசிஞ்சா என்ன பிரயோஜனம்.

அப்புறம் துளையை மூடுறதுக்கு ஒரு விலை இருக்கு, அதை நிறைய பேர் யோசிக்குறது இல்ல. மத்த செடிக்கு தண்ணி ஆவியாகுறது தான் கூலிங், அதை நிறுத்திட்டா இலை சூடேறும். கள்ளி அந்த சூட்டை தாங்கிக்குது, தண்டோட உடம்பு 50 டிகிரியை தாண்டுனாலும் உயிரோட நிக்குற வகைங்க இருக்கு. சாதாரண இலை அந்த சூட்டுல வெந்து போயிடும்.

இப்ப உள்ள நடக்குறதுக்கு வருவோம். ராத்திரி உள்ள வர்ற கார்பன் டை ஆக்சைடை பிடிக்குறது பெப் கார்பாக்ஸிலேஸ்னு ஒரு என்சைம். பகல்ல சர்க்கரை பண்ண கார்பனை பிடிக்குற ருபிஸ்கோங்குற என்சைம் மாதிரி இதுக்கு ஆக்சிஜனை பாத்து குழம்புற பழக்கம் கிடையாது, கொஞ்சூண்டு கார்பன் இருந்தாலும் கரெக்டா பிடிச்சிடும். பிடிச்சதை மூணு கார்பன் இருக்குற ஒரு பொருள் மேல ஒட்டவச்சு நாலு கார்பன் பொருளா ஆக்கும், அது உடனே மாலிக் ஆசிட் ஆகும், ஆப்பிள்ல புளிப்பு தர்ற அதே ஆசிட் தான். இந்த ஆசிடை செல்லுக்குள்ள அப்படியே விட்டா செல்லோட வேலையே கெட்டுப்போகும், அதனால செல்லுக்கு நடுவுல பை மாதிரி இருக்குற பெரிய வாக்குவோலுக்குள்ள பம்ப் பண்ணி அடைச்சு வைக்கும். ராத்திரி முழுக்க இது நடந்து விடியக்காலைல வாக்குவோல் செம புளிப்பா இருக்கும். இதனால தான் இந்த செடிங்களோட செல்லு பெருசு, வாக்குவோல் பெருசு, இலை தடிமன். அந்த சதை வெறும் தண்ணி டேங்க்னு நினைச்சுக்குறாங்க, அது ஆசிட் குடோனும் தான்.

அந்த மூணு கார்பன் பொருள் எங்க இருந்து வருதுன்னு கேளுங்க, அதுதான் முக்கியம். அது செடியோட சொந்த ஸ்டார்ச்ல இருந்து வருது. மாலிக் ஆசிட்ல இருக்குற நாலு கார்பன்ல ஒண்ணு தான் காத்துல இருந்து வந்தது, மூணு வீட்டுப் பணம். பகல்ல ஆசிடை உடைக்குறப்ப அந்த மூணையும் திரும்ப ஸ்டார்ச்சாவோ சர்க்கரையாவோ கட்டி வைக்கணும், இல்லன்னா அடுத்த ராத்திரி கொள்முதல் பண்ண கைல முதல் இருக்காது. அதனால தான் வெளிச்சம் பத்தாத மூலைல வச்ச சக்குலண்ட் தண்ணி இருந்தும் தேஞ்சு போகுது, பகல்ல ஸ்டார்ச் சேரல, ராத்திரி ஆசிட் சேரல, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு கீழ போகும்.

பகல் ஷிப்ட்ல துளை மூடியிருக்கு, வாக்குவோல்ல இருந்து மாலிக் ஆசிட் வெளிய வருது, உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடை விடுது. கதவு மூடியிருக்குறதால அது வெளிய ஓட முடியாம இலைக்குள்ளயே குவியும், வெளிக் காத்துல 0.04 சதவீதம் தான்னா உள்ள அதை விட பல மடங்கு, சில செடில 1 சதவீதத்தையே தாண்டும். ருபிஸ்கோவுக்கு இது சொர்க்கம், ஆக்சிஜன் தொல்லை இல்லாம கார்பனை எடுத்து சர்க்கரை பண்ணும், வெளிச்சம் தான் இருக்கே. ராத்திரில பெப் கார்பாக்ஸிலேஸ் ஆன், பகல்ல ஆஃப், இதை செடியோட உள் கடிகாரமே ஓட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுனா ஒண்ணு பிடிக்க இன்னொண்ணு விட வெட்டி வேலை ஆயிடும், அதனால ராத்திரி மட்டும் அந்த என்சைம்ல ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கும், அது ஒட்டியிருந்தா எவ்ளோ ஆசிட் சேந்தாலும் வேலை நிக்காது, காலைல அது கழண்டதும் சுத்தி இருக்குற ஆசிடே அதை அமுக்கிடும்.

துளைக்கு ராத்திரின்னு எப்படி தெரியும்? அதோட காப்பு செல்கள் இலைக்கு உள்ள கார்பன் டை ஆக்சைடு எவ்ளோ இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கும், கம்மியானா திறக்கும், ஜாஸ்தியானா மூடும். இது எல்லா செடிக்கும் பொதுவான குணம். சிஏஎம் செடில ராத்திரி என்சைம் கார்பனை உறிஞ்சி உள்ள அதை கம்மி ஆக்கிடுது, துளை திறக்குது, பகல்ல ஆசிட் உடைஞ்சு உள்ள கார்பன் குவியுது, துளை மூடிக்குது. பழைய பழக்கத்தை மாத்தாமலே நேரத்தை மட்டும் தலைகீழாக்கியிருக்கு, இதோட உள் கடிகாரமும் சேந்துக்குது.

இதுல இருக்குற பெரிய கட்டுப்பாடு குடோன் சைஸ் தான். ஒரு கணக்கு போடுவோம். 10 கிராம் எடை உள்ள ஒரு சதை இலை, ராத்திரி முழுக்க ஒரு கிராமுக்கு 100 மைக்ரோமோல் மாலிக் ஆசிட் சேக்குதுன்னு வைங்க, நல்லா இருக்குற ஒரு கலஞ்சோ செடிக்கு இது நியாயமான அளவு. மொத்தம் 1 மில்லிமோல், அதாவது 134 மில்லிகிராம் ஆசிட், அதுல காத்துல இருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு 44 மில்லிகிராம். அதுல இருந்து பண்ண முடிஞ்ச சர்க்கரை அதிகபட்சம் 30 மில்லிகிராம். பத்து கிராம் இலைக்கு ஒரு நாள் சம்பாத்தியம் இவ்ளோதான், இதுலயும் செடியோட சாப்பாட்டு செலவு போகணும். தண்ணி பக்கம் பாத்தா அந்த 44 மில்லிகிராமுக்கு சி3 செடியா இருந்தா 20 கிராம் போயிருக்கும், அதாவது இலையோட எடையை விட ரெண்டு மடங்கு. இதுக்கு போறது 2ல இருந்து 4 கிராம். வேருல தண்ணி இல்லாதப்ப 20 கிராம் செலவை எந்த இலையும் ஒரு நாள் கூட தாங்காது, 2 கிராம் செலவை சதைல இருந்து எடுத்து சில நாள் ஓட்டலாம்.

அதுக்காக சிஏஎம் செடின்னாலே மெதுவா தான் வளரும்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு கிராம் கணக்குல சம்பாத்தியம் கம்மி, ஆனா இலை தடிமனா இருக்குறதால ஒரு சதுர மீட்டர் கணக்குல அது நல்ல அளவு வரும். அன்னாசி, சப்பாத்திக்கள்ளி, கத்தாழை வகைங்களுக்கு தண்ணி ஒழுங்கா கிடைச்சா விளைச்சல் சாதாரண பயிருக்கு சளைச்சது இல்ல. மெதுவா வளர்ற கள்ளியெல்லாம் பெரும்பாலும் தண்ணியே இல்லாத இடத்துல நிக்குறதால மெதுவா வளருது.

வறட்சி கூடக்கூட இந்த செடி எப்படி பின்வாங்குதுங்குறது தான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச பகுதி. தண்ணி தாராளமா இருக்குறப்ப அது ராத்திரி மட்டும் இல்ல, விடிஞ்ச உடனே கொஞ்ச நேரமும், சாயங்காலம் ஆசிட் தீந்த பிறகு கொஞ்ச நேரமும் துளையை திறந்து வைக்கும், சாயங்காலத்துல சாதாரண செடி மாதிரி நேரடியாவே கார்பன் எடுத்து சர்க்கரை பண்ணும். மண்ணு காய ஆரம்பிச்சதும் முதல்ல சாயங்காலத் திறப்பு போயிடும், ஏன்னா அந்த நேரம் காத்து இன்னும் சூடு, தண்ணி செலவு ஜாஸ்தி. அப்புறம் காலைத் திறப்பு போகும். அப்புறம் ராத்திரித் திறப்பே சுருங்கி ஆரம்பத்துலயும் முடிவுலயும் தேயும். கடைசில ராத்திரியும் சரி பகலும் சரி துளை திறக்கவே திறக்காது. அப்ப செத்துடுமான்னா இல்ல. தன் மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைடையே ராத்திரி ஆசிடா பிடிச்சு பகல்ல திரும்ப சர்க்கரையாக்கி சுத்திக்கிட்டே இருக்கும், வண்டி நியூட்ரல்ல நிக்குற மாதிரி. வளர்ச்சி சுத்தமா கிடையாது, ஆனா இழப்பும் கிடையாது, அதோட வெயிலை வாங்குற பச்சையத்துக்கு ஏதோ ஒரு வேலை இருந்துக்கிட்டே இருக்குறதால அது கருகாம இருக்கும். இப்படி மாசக்கணக்குல நிக்குற கள்ளி உண்டு. மழை வந்து ஒரு நாள் ரெண்டு நாள்ல வேலைக்கு திரும்பிடும், புது இலை விட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாலைவனக் கத்தாழை வகையான அகேவ் டெசர்ட்டிக்கு தொடர்ந்து தாராளமா தண்ணி ஊத்துனப்ப அது பகல்ல துளையை திறக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு 1976ல ஹார்ட்சாக், நோபல்ங்குற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதுனாங்க. தேவைப்பட்டா மட்டும் சிஏஎம்முக்கு மாறுற செடிங்களும் இருக்கு, ஐஸ் பிளாண்ட்னு சொல்ற மெசெம்பிரியாந்திமம் சாதாரண சி3 செடியா வளர்ந்து உப்போ வறட்சியோ தாக்குனதும் ராத்திரி ஷிப்டுக்கு போயிடும். நம்ம பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேல, அது சி4 செடி, வறட்சி வந்தா அதோட சிஏஎம்மையும் சேத்து ஓட்டும். பிரண்டைல தண்டு சிஏஎம், இலை சி3, ஒரே கொடிலயே ரெண்டு விதம், வறட்சி வந்தா இலையை உதிர்த்துட்டு தண்டை மட்டும் வச்சு பொழைச்சுக்கும். அதனால சதையா இருந்தா சிஏஎம்னு கண்ணால பாத்து முடிவு பண்றது எப்பவும் சரியா வராது, மரத்து மேல ஒட்டி வாழ்ற ஆர்க்கிட்ல நிறைய வகை பாலைவனத்தையே பாக்காத சிஏஎம் செடிங்க, மரக்கிளைல மழை நின்னதும் வேருக்கு தண்ணி இல்ல, அதுவும் ஒரு வறட்சி தானே.

கண்டுபிடிக்குற வழிக்கு வருவோம். சுலபமானது எடை போடுறது. ஒரு கிராம் வரைக்கும் காட்டுற கிச்சன் தராசு இருந்தா போதும், அரை கிராம் காட்டுனா இன்னும் நல்லது. தொட்டிக்கு தண்ணி விட்டு ஒரு நாள் வடிய விடுங்க, அப்புறம் தொட்டி, மண்ணு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தண்டைச் சுத்தி இறுக்கிக் கட்டுங்க, மண்ணுல இருந்து ஆவியாகுறது கணக்குல வரவே கூடாது, இந்த சோதனை தப்பாகுறதே பெரும்பாலும் இங்கதான். சூரியன் மறைஞ்சதும் ஒரு எடை, விடியுறப்ப ஒரு எடை, மறுபடி மறையுறப்ப ஒரு எடை. சாதாரண செடில எடை இறங்குறது பகல்ல தான், ராத்திரி கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். சிஏஎம் செடில ராத்திரி இழப்பு பகல் இழப்புக்கு சமமாவோ ஜாஸ்தியாவோ வரும், ராத்திரி குளிரா இருந்தும். ஒரு நாளை வச்சு முடிவு பண்ணாம சில நாள் தொடர்ந்து பாருங்க, மண்ணு காய காய பகல் இழப்பு முதல்ல சுருங்கி ராத்திரி இழப்பு மட்டும் நிக்குறதையும் அதுலயே பாத்துடலாம், மேல சொன்ன பின்வாங்கல் தான் அது.

ரெண்டாவது வழி புளிப்பு. 1815ல வெளியான ஒரு கடிதத்துல பெஞ்சமின் ஹெய்ன்ங்குற தாவரவியலாளர் இதை எழுதியிருக்கார், ரணகள்ளி இலை காலைல நல்ல புளிப்பு, மத்தியானம் ருசியே இல்ல, சாயங்காலம் கசப்புன்னு. அவர் மென்னு பாத்தார், நீங்க மெல்லாதீங்க, ரணகள்ளி குடும்பத்துல இதயத்தை பாதிக்குற விஷம் இருக்கு, பால் வர்ற கள்ளியோட பால் கண்ணுல பட்டா பெரிய பிரச்சனை. பிஎச் பேப்பர் போதும். ஒரே செடில பக்கத்து பக்கத்து இலைல இருந்து விடியக்காலைல ஒரு துண்டு, சாயங்காலம் வெயில் இறங்குறப்ப அதே எடைல ஒரு துண்டு, ரெண்டையும் ஒரே அளவு காய்ச்சி வடிகட்டின தண்ணில நசுக்கி பேப்பரை நனைச்சு பாருங்க. நல்ல சிஏஎம் செடில காலைச் சாறு 4 பக்கம் நிக்கும், சாயங்காலச் சாறு 5ஐ தாண்டும். ஒரு புள்ளி வித்தியாசம்னா ஆசிட் அளவுல பெரிய வித்தியாசம், சின்னதா இருக்கேன்னு தள்ளிடாதீங்க. வெட்டுன இலையை அப்புறமா பாத்துக்கலாம்னு வச்சிட்டு போகாதீங்க, வெட்டுன பிறகும் அது தன் வேலையை செஞ்சுக்கிட்டே இருக்கும், சாயங்காலம் வெட்டுனதை மறுநாள் காலைல நசுக்குனா அதுவும் புளிப்பா தான் இருக்கும், உடனே நசுக்கணும், இல்ல ஃப்ரீசர்ல போடணும்.

வித்தியாசமே வரலன்னா உடனே "இது சிஏஎம் இல்ல"ன்னு சொல்லிட முடியாது. முந்தின நாள் மேகமா இருந்து ஸ்டார்ச் சேராம போயிருக்கலாம், செடி வறட்சில நியூட்ரல்ல நின்னுக்கிட்டு இருக்கலாம் (அப்ப ஆசிட் வித்தியாசம் சின்னதா இருக்கும், எடை கிட்டத்தட்ட இறங்கவே இறங்காது), ராத்திரி முழுக்க லைட் போட்ட ரூம்ல இருந்திருக்கலாம். குரோ லைட்டை 24 மணி நேரமும் போட்டு வச்சா சீக்கிரம் வளரும்னு சிலர் நினைக்குறாங்க, இந்த செடிங்களுக்கு இருட்டு தான் கொள்முதல் நேரம், அதை பறிச்சா உள் கடிகாரமும் தடுமாறும், ஆசிட் சேராது. 12 மணி நேரம் நல்ல இருட்டு குடுங்க.

ராத்திரி ரொம்ப சூடா இருந்தாலும் இதே கதை. பெரும்பாலான பாலைவன வகைங்களுக்கு ராத்திரி 10ல இருந்து 20 டிகிரி வரைக்கும் தான் கொள்முதல் நல்லா நடக்கும். அதுக்கு மேல போக போக மூச்சு செலவு ஏறும், சேத்த ஆசிடும் வாக்குவோல்ல நிக்காம கசிய ஆரம்பிக்கும். மலைப்பகுதில இருந்து வந்த எக்கிவேரியா மாதிரி வகைங்க சூடான ராத்திரில திணறுறதுக்கு இதுவும் ஒரு காரணம், அதை பாத்துட்டு தண்ணி பத்தலன்னு நினைச்சு ஊத்துறாங்க, துளையை திறக்காத செடிக்கு தண்ணி தேவையே இல்ல, அது மண்ணுல தேங்கி வேரை அழுகடிக்குது. அந்த நேரத்துல நிழலும் காத்தோட்டமும் குடுத்து தண்ணியை குறைங்க.

கடைசியா ஒண்ணு, இந்த விஷயத்தை வச்சு "ஸ்நேக் பிளாண்ட் ராத்திரில ஆக்சிஜன் விடும், பெட்ரூம்ல வைங்க"ன்னு சுத்துதே, அது தப்பு. ராத்திரி அது கார்பன் டை ஆக்சைடை எடுக்குது, அது உண்மை. ஆனா ஆக்சிஜன் வர்றது தண்ணி உடையுறதுல இருந்து, அதுக்கு வெளிச்சம் வேணும், இருட்டுல ஒரு துளி கூட வராது. எடுக்குற கார்பனாவது காத்தை சுத்தம் பண்ணுமான்னா, மேல போட்ட கணக்கையே எடுத்துக்கோங்க, பத்து கிராம் இலைக்கு 44 மில்லிகிராம், ஒரு கிலோ இலை இருக்குற பெரிய தொட்டிக்கே 4.4 கிராம் தான். ஒரு ஆள் ஒரு நாள்ல விடுற கார்பன் டை ஆக்சைடு ஒரு கிலோ பக்கம். ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வச்சா இதை விட நல்ல பலன் கிடைக்கும்.